புதுப்பிப்பு: “பாதியில் திட்டம் மாற்றினேன், ஒரே பில்லில் மூன்று கட்டணமா?”

அன்று நான் கேட்டது: “வாடிக்கையாளர் மாத நடுவில் 300 திட்டத்திலிருந்து 600 திட்டத்துக்கு மாறினார். பில் 700 வந்திருக்கிறது. எப்படி விளக்குவது?”

உதவிய எல்லோருக்கும் நன்றி. விஷயம் தெளிவாகிவிட்டது.

“தொகையை விடுங்கள், தேதியைப் படித்துக் காட்டுங்கள்” என்று பில்லிங்கில் பல வருடம் இருந்தவர் சொன்னதுதான் பலித்தது. போனிலேயே வரிவரியாகப் போனோம். 30 நாள் மாதத்தில் 20 நாள் முடிந்து மாறினார். மீதி 10 நாளுக்குப் பழைய திட்டத்தில் முன்பே கட்டிய 100 திரும்ப வருகிறது. அதே 10 நாளுக்குப் புதிய திட்டம் 200. மூன்றாவது வரி அடுத்த மாதத்துக்கான முன்பணம் 600. ஆக 700.

“ஒரு முறைக் கட்டணம் என்று சொல்லுங்கள்” என்றவர் பாதி சரி. அடுத்த பில்லில் இந்த 10 நாள் கணக்கு வராது. ஆனால் அந்தச் சொல் அபராதம்போல் காதில் விழுகிறது.

எதிர்பாராதது ஒன்று. வாடிக்கையாளர் “-100”இல் இருந்த கழித்தல் குறியை வெறும் கோடு என்று நினைத்து, மூன்றையும் கூட்டி 900 என்று வைத்திருந்தார். அப்புறம்தான் கோபம் புரிந்தது.

கடைசியில் சொன்னது: “கெடுவுக்குள் 700 கட்டுங்கள். அடுத்த பில் 600 வரும். மாறி வந்தால் பில் எண்ணோடு கூப்பிடுங்கள்.”

திரும்ப வரும் 100 போன்ற வரவு வரியைப் பில்லில் முதலில் அச்சிடக் கேட்டிருக்கிறேன், இன்னும் பதில் இல்லை.