புதுப்பிப்பு: 14-ஆம் கேள்வியில் கோளாறு கண்டுபிடித்தேன்

நான் முன்பு கேட்டது: “என் வகுப்புத் தேர்வில் 40 பேரில் பலர் தவறாக விடையளித்த கேள்விகளை நீக்கிவிடலாமா?”

“குறைவானவர்கள் சரியாக எழுதினால் நீக்குங்கள்” என்றார் ஒருவர். அது பாதிதான் சரி. 9-ஆம் கேள்விக்கு ஆறு பேரே சரியாக விடையளித்தனர். அறுவரும் முதல் 11 இடங்களில் இருப்பவர்கள். கடினம், ஆனால் நல்ல கேள்வி. வைத்துக்கொண்டேன்.

மூத்த ஆசிரியர் ஒருவர் சொன்னபடி முதல் 11 பேரையும் கடைசி 11 பேரையும் ஒப்பிட்டபோதுதான் 14-ஆம் கேள்வி பிடிபட்டது. “தூய நீர் எப்போது கொதிக்கும்?” விடைக்குறிப்பில் 100°C. கடைசிக் குழுவில் ஏழு பேர் சரி, முதல் குழுவில் மூவர் மட்டுமே! மற்ற எட்டுப் பேரும் “அழுத்தத்தைப் பொறுத்தது” என்பதைத் தேர்ந்தெடுத்திருந்தனர். அவர்கள் சொன்னதே சரி. கேள்வியில் அழுத்தத்தை நான் குறிப்பிடவே இல்லை. இரண்டு விடைகளுக்கும் மதிப்பெண் கொடுத்துவிட்டேன்.

தன் வகுப்பில் 12 பேர்தான் என்றவருக்கு: அங்கே ஒருவர் மாறினாலே கணக்கு புரண்டுவிடும். எண்ணை நம்பாமல், விடைத்தாள்களைப் படியுங்கள்.

எல்லோரும் சரியாக எழுதிய முதல் கேள்வியை என்ன செய்வதென்று இன்னும் முடிவெடுக்கவில்லை.