சுவர் விரிசல்: இரண்டு படங்களை ஒப்பிடுவது எப்படி?

மழைத்துளி: பிப்ரவரியில் எடுத்த படத்தையும் இப்போது எடுத்த படத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். விரிசல் கண்டிப்பாக அகலமாகியிருக்கிறது. எவ்வளவு என்று கணக்கிட முடியுமா? அவசரம்.

தென்றல்: எவ்வளவு தூரத்தில் நின்று எடுத்தீர்கள்? நேராகவா, பக்கவாட்டிலா? வெளிச்சம் எந்தப் பக்கம்?

ஒளிவட்டம்: இரண்டு படத்தின் வெளிச்சத்தையும் மென்பொருளில் சமன்செய்தால் வித்தியாசம் தெரிந்துவிடும்.

அளவுகோல்: இதைப் பலமுறை எழுதியாகிவிட்டது, யாரும் தேடிப் படிப்பதில்லை. சமன்செய்தால் நிறம்தான் ஒத்துவரும். பக்கவாட்டு வெளிச்சத்தில் விரிசலின் ஓர் ஓரம் நிழலில் விழும், அதைக் கண் விரிசலோடு சேர்த்துக்கொள்ளும். அந்த நிழலை மென்பொருளால் பிரித்தெடுக்க முடியாது.

கொடிமுல்லை: என் செடியின் இலை மஞ்சளாவதையும் இப்படித்தான் பார்க்கிறேன். இதே முறை உதவுமா?

தென்றல்: அது நிறம் பற்றிய கேள்வி. ஒவ்வொரு படத்திலும் இலைக்குப் பக்கத்தில் ஒரே சாம்பல் அட்டையை வைத்து எடுங்கள்.

மழைத்துளி: முதல் படம் நேராக, பகலில். இரண்டாவது கொஞ்சம் பக்கத்தில் போய் சாய்வாக, இரவில் விளக்கு போட்டு. விரிசல் செங்குத்தானது. அதை ஒட்டி 300 மி.மீ. சதுர டைல் இருக்கிறது.

தென்றல்: டைல் இருப்பது நல்லது. அது எத்தனை பிக்சல்?

மழைத்துளி: முதலில் அகலம், உயரம் இரண்டுமே 1500, விரிசல் 6. இரண்டாவதில் அகலம் 2080, உயரம் 2400, விரிசல் 11.

தென்றல்: சதுரம் இரண்டாவதில் ஒடுங்கியிருக்கிறது. 2080-ஐ 2400-ஆல் வகுத்தால் 0.87, அதாவது சுமார் 30 பாகை சாய்வு. உங்கள் விரிசலின் அகலம் கிடைமட்டமானது, அதனால் டைலின் அகலத்தைத்தான் அளவுகோலாக எடுக்க வேண்டும், உயரத்தை அல்ல. முதல் படத்தில் ஒரு பிக்சல் 0.2 மி.மீ., விரிசல் 1.2. இரண்டாவதில் ஒரு பிக்சல் 0.144, விரிசல் 1.6. ஆனால் ஓரம் எங்கே முடிகிறது என்பதில் 2 பிக்சல் தவறினாலே முதலாவது 0.8 முதல் 1.6 வரை இருக்கலாம், இரண்டாவது 1.3 முதல் 1.9 வரை. இரண்டும் ஒன்றின் மேல் ஒன்று படிகின்றன. இந்தப் படங்களை வைத்து "அகலமாகிவிட்டது" என்று சொல்ல முடியாது. மாறவில்லை என்றும் சொல்ல முடியாது.

ஒளிவட்டம்: பக்கத்தில் போகாமல் ஜூம் செய்திருந்தால் இந்தச் சிக்கலே வந்திருக்காது.

அளவுகோல்: சாய்வுக்கும் ஜூமுக்கும் என்ன சம்பந்தம்? சாய்ந்து நின்றால் ஜூமிலும் ஒடுங்கத்தான் செய்யும்.

ஒளிவட்டம்: மிக அருகில் போனால் படத்தின் ஓரங்கள் இழுபடுகின்றனவே?

அளவுகோல்: அது அகல லென்ஸின் குணம். விரிசலைப் படத்தின் நடுவில் வைத்தால் போதும்.

ஒளிவட்டம்: ஃபோன் ஜூமில் படம் கூர்மையாக்கப்படுவதையும் கணக்கில் எடுக்க வேண்டுமே?

தென்றல்: அதைத் தனி இழையில் பேசலாம். மழைத்துளி, விரிசலின் இரு பக்கமும் பென்சிலால் ஒவ்வொரு புள்ளி வைத்து, இடைவெளியை வெர்னியரால் அளந்து தேதியோடு எழுதி வையுங்கள். படம் வேண்டுமென்றால் ஸ்கேலைச் சுவரோடு ஒட்டிப் பிடித்து, நேராக நின்று, எப்போதும் ஒரே விளக்கில் எடுங்கள்.

மழைத்துளி: புள்ளி வைத்துவிட்டேன். 42.3 மி.மீ. அடுத்த மாதம் அளந்துவிட்டுச் சொல்கிறேன்.