ரேக் கிடைக்காத நாளில் ஸ்குவாட்டுக்குப் பதிலாக எதைத் தயாராக வைத்திருப்பது?

மாலைப்பயிற்சி:
வணக்கம். நான் மாலையில் பயிற்சிக்குச் செல்லும்போது இரண்டு ரேக்குகளிலும் ஆள் இருக்கிறார்கள், லெக் பிரஸ்ஸுக்கும் வரிசை நிற்கிறது. காத்திருந்தால் நேரம் முடிந்துவிடுவதால் கோப்லெட் ஸ்குவாட் செய்துவிட்டு வருகிறேன். ஆனால் ரேக் கிடைக்கும் நாளில் வழக்கமான எடையே இப்போது கனமாகத் தெரிகிறது. கால் பயிற்சி நாளுக்கு நல்ல மாற்றுப் பயிற்சிகளைச் சொல்லுங்கள். நாளைக்கே தேவைப்படுகிறது.

கேள்விக்காரன்:
எத்தனை செட், எத்தனை ரெப், என்ன எடை, அங்கே டம்பெல் எவ்வளவு எடை வரை இருக்கிறது என்று எதையுமே நீங்கள் சொல்லவில்லை. ஐந்து ரெப்புக்கு மாற்று வேறு, பதினைந்து ரெப்புக்கு மாற்று வேறு.

இரும்புவேல்:
இந்தக் கேள்வி இங்கே வாரம் ஒருமுறை வருகிறது. ஸ்குவாட் செய்தே தீர வேண்டும் என்று நினைப்பவர் காத்திருப்பார், அல்லது விடியற்காலையில் வருவார். மாற்றுப் பயிற்சி தேடுவதெல்லாம் ஸ்குவாட்டைத் தவிர்க்க விரும்புவோரின் வேலை.

தென்றல்_ஓட்டம்:
எனக்கும் ஸ்குவாட் ஒத்துக்கொள்ளவில்லை. முழங்கால் வலி வந்ததால் அதை விட்டுவிட்டு லெக் எக்ஸ்டென்ஷன் மட்டும் செய்கிறேன். நீங்களும் அப்படியே செய்யலாமே.

கேள்விக்காரன்:
அவருக்கு முழங்கால் வலி இல்லை, ரேக்தான் இல்லை.

மாலைப்பயிற்சி:
மன்னிக்கவும், விவரம் இதோ. ஸ்குவாட் 80 கிலோவில் 4 செட், செட்டுக்கு 5 ரெப். பிறகு லெக் பிரஸ் 3 செட் 10 ரெப், லெக் கர்ல் 3 செட் 12 ரெப். டம்பெல் 30 கிலோ வரை இருக்கிறது. ஒரு ஸ்மித் மெஷினும் உண்டு. கோப்லெட் ஸ்குவாட்டை 24 கிலோவில் 20 ரெப் வரை செய்தேன். காலையில் வர வேலை இடம் கொடுக்காது.

வரிசைமாற்றி:
மாற்றுப் பயிற்சியே தேவையில்லை, வரிசையை மாற்றினால் போதும். எந்தக் கருவி காலியாக இருக்கிறதோ அதில் தொடங்கி, ரேக் காலியானதும் ஸ்குவாட்டுக்குச் செல்லுங்கள். நான் அப்படித்தான் செய்கிறேன்.

பதிவேடு:
வரிசைமாற்றி சொல்வது மேலுடல் பயிற்சியும் கலந்த நாளுக்குப் பொருந்தும். முதுகையோ தோளையோ முன்னால் முடித்துக்கொண்டால் ஸ்குவாட்டுக்குப் பெரிய சேதம் இல்லை. ஆனால் இவருடைய திட்டத்தில் மூன்றும் கால் பயிற்சிகள். லெக் பிரஸ்ஸை முடித்த கால்களோடு 80 கிலோவின் கீழே நின்றால், ஐந்து ரெப் செய்ய வேண்டிய இடத்தில் மூன்றோடு நிற்க நேரும். லெக் கர்லை முன்னால் நகர்த்துவதைச் சிலர் பொறுத்துக்கொள்கிறார்கள். அதற்கு மேல் நான் நகர்த்த மாட்டேன்.

மாலைப்பயிற்சி அவர்களே, உங்கள் திட்டத்தின் ஒவ்வொரு வரியும் என்ன வேலைக்காக அங்கே இருக்கிறது என்று முதலில் பாருங்கள். ஸ்குவாட் வரி, குறைந்த ரெப்பில் கனமான எடையை எழுப்புவதற்காக இருக்கிறது. 24 கிலோவை இருபது முறை தூக்குவது அந்த வேலையைச் செய்யாது. கால் சோர்வதற்கு முன்பே கையும் மேல்முதுகும் சோர்ந்து, டம்பெல் மார்பிலிருந்து நழுவுவதால் நீங்கள் செட்டை நிறுத்தியிருப்பீர்கள். அப்படித்தான் நடந்தது என்றால் கால்களுக்கு வர வேண்டிய சுமை வரவே இல்லை, 80 கிலோ கனமாகத் தெரிவதற்கும் பெரும்பாலும் அதுவே காரணம்.

முதல் மாற்றாக ரேக்கில் இருப்பவரிடம் இடையிடையே செய்துகொள்ளலாமா என்று கேளுங்கள். நீங்கள் செட்டுகளுக்கு நடுவே மூன்று நிமிடம் ஓய்வெடுப்பவர் என்றால், அந்த ஓய்வில் அவருடைய செட் முடிந்துவிடும். அது நடக்காவிட்டால் ஒரு பெஞ்சில் பின்காலை வைத்து, இரு கைகளிலும் டம்பெல்லுடன் பல்கேரியன் ஸ்பிளிட் ஸ்குவாட் செய்யுங்கள். பெஞ்சும் இல்லையென்றால் தரை மட்டுமே தேவைப்படும் பின்னோக்கிய லஞ்ச். இரண்டாவது மாற்று, முதல் மாற்றுக்குத் தேவையான அதே கருவியை நம்பி இருக்கக் கூடாது. பலருடைய பட்டியல் மாலை நெரிசலில் இங்கேதான் உடைகிறது.

எடையை 80 கிலோவிலிருந்து கணக்குப் போட்டு எடுக்க முடியாது. கூட்டம் குறைந்த ஒரு நாளில், லெக் பிரஸ்ஸுக்குப் பதிலாக ஸ்பிளிட் ஸ்குவாட்டைச் செய்து பாருங்கள். கைக்கு 10 கிலோவில் 8 ரெப் செய்து, பிறகு 2 கிலோ அல்லது உங்கள் டம்பெல்கள் தரும் அடுத்த எடைக்கு ஏறிக்கொண்டே போய், எட்டாவது ரெப்புக்குப் பிறகு இன்னும் இரண்டு மட்டுமே செய்ய முடியும் என்று தோன்றும் எடையில் நிறுத்துங்கள். அது 16 கிலோ என்று வைத்துக்கொள்வோம். குறிப்பேட்டில் ஸ்குவாட் வரியின் கீழே ‘ஸ்பிளிட், 16, காலுக்கு 8, 3 செட்’ என்று எழுதிவிட்டால், ரேக் இல்லாத நாளில் யோசிக்க எதுவும் இராது. கால் மாற்ற ஒரு நிமிடமும் அடுத்த செட்டுக்கு இரண்டு நிமிடமும் விட்டால், மூன்று செட்டும் சுமார் 13 நிமிடத்தில் முடியும். ஐந்து ரெப்பை நான் சொல்லாததற்குக் காரணம், ஒற்றைக் காலில் அவ்வளவு கனம் ஏற்றும்போது பலருக்குக் காலின் வலிமைக்கு முன்பு சமநிலை தோற்றுவிடுகிறது என்பதுதான்.

கோப்லெட் ஸ்குவாட்டைத் தூக்கி எறிய வேண்டாம். அதற்குரிய இடம் லெக் பிரஸ் வரி. குதிகாலின் கீழே சிறிய பிளேட் வைத்து, மூன்று நொடி எடுத்துக்கொண்டு மெதுவாக இறங்கினால் 10 முதல் 15 ரெப்புக்குள் முன்தொடை களைத்துவிடும். லெக் கர்லுக்கு, குப்புறப் படுத்துப் பாதங்களுக்கு இடையே லேசான டம்பெல் பிடித்துச் செய்யலாம்.

இரும்புவேல்:
மறந்தும் ஸ்மித் மெஷினில் ஸ்குவாட் செய்துவிடாதீர்கள். அது பொம்மை. பார் தண்டவாளத்தில் ஓடுவதால் உடல் எதையும் கற்றுக்கொள்வதில்லை.

நெம்புகோல்:
அவர் தேடுவது கற்றல் அல்ல, கால்களுக்குச் சுமை. சமநிலைச் சிக்கல் இல்லாததால் ஸ்மித்தில் ஐந்து ரெப்பின் கனத்தை அப்படியே வைத்துக்கொள்ளலாம். ஸ்பிளிட் ஸ்குவாட்டை விட அதுவே அவருடைய திட்டத்துக்கு நெருக்கம்.

இரும்புவேல்:
நெருக்கமாம்! ஸ்மித்தில் 100 கிலோ தூக்குபவரை ரேக்குக்கு அழைத்து வாருங்கள், 80 கிலோவில் ஆடுவார்.

நெம்புகோல்:
எண்கள் ஒன்றாக இருக்க வேண்டும் என்று யார் சொன்னது? பல ஸ்மித் மெஷின்களில் எதிர் எடை பாரின் கனத்தைக் குறைத்துவிடுகிறது. ஆகவே அதற்குத் தனிக் குறிப்பு வேண்டும், அவ்வளவுதான்.

பதிவேடு:
இருவர் சொல்வதிலும் பாதி சரி. எப்போதாவது ஒரு நாள் என்றால் ஸ்மித், ஸ்பிளிட் இரண்டில் எதுவும் போதும். ஆனால் பாதிக்கு மேற்பட்ட நாள்களில் ரேக் கிடைக்கவில்லையென்றால் அதை மாற்று என்று சொல்லக் கூடாது. பார்பெல் ஸ்குவாட்டில் ஐந்து ரெப் தூக்குவது ஓரளவு பழக்கத்தால் வருவது. பழக்கம் குறைந்தால் எண்ணும் குறையும். அப்போது ஸ்குவாட்டைக் கூட்டம் குறைந்த வேறு நாளுக்கு நகர்த்த வேண்டும், அல்லது கிடைக்கிற பயிற்சியையே முதன்மையாக்கி அதில் எடையை ஏற்றிச் செல்ல வேண்டும்.

வரிசைமாற்றி:
நான் லெக் பிரஸ்ஸுக்குப் பிறகு ஸ்குவாட்டில் பத்து சதவீதம் குறைத்துக்கொள்கிறேன், எனக்குச் சரியாகத்தான் வருகிறது.

பதிவேடு:
குறைத்துக்கொள்கிறீர்கள் அல்லவா, அதைத்தான் நானும் சொன்னேன்.

மாலைப்பயிற்சி:
நன்றி. நேற்று ரேக்கில் இருந்தவரிடம் கேட்டேன், ஒத்துக்கொண்டார். ஆனால் அவர் 140 கிலோ தூக்குபவர் என்பதால் ஒவ்வொரு செட்டுக்கும் பிளேட் மாற்றுவதிலேயே நேரம் போனது, மூன்று செட்தான் முடிந்தது. ஸ்பிளிட் ஸ்குவாட்டில் 14 கிலோவிலேயே இரண்டு ரெப் மிச்சம் என்ற நிலை வந்துவிட்டது. ஸ்மித் மெஷினில் பார் எவ்வளவு கனம் என்று பயிற்சியாளரிடம் கேட்டேன், அவருக்கும் தெரியவில்லை.