டாஷ்போர்டு போட்டுக் கொடுத்தால் “எக்செல்ல அனுப்பு” என்கிறார்கள். அடுத்த முறை தாளில் வரைந்து கேட்டால் சரியாகுமா?

நூல்கண்டு

திருப்பூரில் ஒரு பனியன் ஏற்றுமதி கம்பெனியில் வேலை. கணக்கும் நான்தான், டேட்டாவும் நான்தான். மூன்று வாரம் உட்கார்ந்து பவர் பிஐயில் ஒரு டாஷ்போர்டு செய்தேன். கட்டிங், தையல், செக்கிங், பேக்கிங் என்று மொத்தம் 14 படங்கள். முதலாளி இரண்டு நிமிடம் பார்த்துவிட்டு, “நல்லா இருக்கு, இதை அப்படியே எக்செல்ல போட்டு அனுப்பிடு” என்றார். புரொடக்‌ஷன் மேனேஜர் இன்றுவரை லிங்க்கைத் திறக்கவில்லை.

இப்போது மறுபடியும் செய்யச் சொல்கிறார்கள். இந்த முறை கணினியைத் தொடாமல், முதலில் அவர்களை உட்காரவைத்துத் தாளில் வரையலாம் என்று யோசனை. ஆனால் போன முறையும் நான் கேட்காமல் செய்யவில்லை. “உங்களுக்கு என்னென்ன வேணும்?” என்று ஒவ்வொருவரிடமும் கேட்டேன். 31 ஐட்டம் வந்தது. தாளில் வரைந்தாலும் அதே 31தானே வரும்? என்ன கேட்பது, என்ன வரைவது? செவ்வாய்க்கிழமை ஒரு மணி நேரம் தருவதாகச் சொல்லியிருக்கிறார்கள்.

எக்செல் சித்தர்

இதுக்கு எதுக்குங்க தாளும் பேனாவும்? படத்தின் மூலையில் மூன்று புள்ளி இருக்கும், அதில் `Export data` அமுக்கினால் எக்செல் வந்துவிடும். முதலாளிக்கு அதை மட்டும் காட்டிக் கொடுங்கள், வேலை முடிந்தது.

நூல்கண்டு

அது தெரியும் சார். எக்செல்லில் அனுப்பினாலும் அவர் அதைப் பார்ப்பதில்லை. காலையில் மேனேஜருக்கு போன் போட்டுத்தான் கேட்கிறார். என் பிரச்சினை அதுதான்.

வண்ணத்திரை

நான் வெப்சைட் டிசைன் செய்பவன். தாளில் கிறுக்கிக் காட்டினால் முதலாளிகள் மதிக்க மாட்டார்கள், அனுபவத்தில் சொல்கிறேன். ஃபிக்மாவில் அழகாக இரண்டு மூன்று மாதிரி செய்து கொண்டுபோங்கள். வேண்டும் என்பதைச் சொல்ல ஆட்களுக்குத் தெரியாது, வேண்டாம் என்பதை உடனே சொல்லிவிடுவார்கள். அப்புறம் எல்லோரையும் ஒரே அறையில் வைத்து முடிவெடுங்கள். தனித்தனியாகக் கேட்டால் பின்னால் சண்டை வரும்.

பழைய பேரேடு

வண்ணத்திரை சொன்னதில் பாதி சரி. ஒன்றுக்கு மேல் மாதிரி காட்டுவது நல்லது. ஆனால் அழகாகச் செய்து கொண்டுபோனால் பேச்சு முழுக்க கலரைப் பற்றியே போகும். “அந்தப் பச்சை கொஞ்சம் டல்லா இருக்கே” என்பார்கள். தாளின் லாபமே, அடித்துவிட்டு வேறு வரைய யாருக்கும் மனசு நோகாது என்பதுதான். பேனாவை அவர்கள் கையில் கொடுக்கவும் முடியும்.

ஒரே அறை விஷயத்தில் எனக்கு வேறு அபிப்பிராயம். முதலாளி எதிரில் வைத்து எந்த மேனேஜரும் “இங்கேதான் மாட்டிக்கிட்டு நிக்குது” என்று சொல்ல மாட்டார். முதலில் தனித்தனியாக ஆளுக்கு 15 நிமிடம், கடைசி 15 நிமிடம் சேர்ந்து.

தம்பி, கேள்வியை மட்டும் மாற்றிக்கொள்ளுங்கள். “என்ன வேணும்” என்று கேட்டால் பந்தியில் பரிமாறுகிற மாதிரி எல்லாம் வேணும் என்றுதான் சொல்வார்கள். பதிலாக, “நேத்து காலைல வந்ததும் முதல்ல யாருக்கு போன் போட்டீங்க? என்ன கேட்டீங்க?” என்று கேளுங்கள். போனில் கேட்டது எதுவோ அதுதான் உங்கள் டாஷ்போர்டு பதில் சொல்ல வேண்டிய கேள்வி. அதை அவர் பேசிய வார்த்தையிலேயே தாளின் மேலே எழுதுங்கள். அதன் கீழே ஒரு கட்டம் போட்டு, நம்புகிற மாதிரி ஒரு பொய் எண்ணை எழுதுங்கள். வேண்டுமென்றே கெட்ட எண்ணாக இருக்கட்டும். எழுதிவிட்டு, “இப்படி இருந்தா என்ன செய்வீங்க?” என்று கேளுங்கள். “ஒண்ணும் செய்ய மாட்டேன், தெரிஞ்சு வச்சுக்குவேன்” என்றால் அந்தக் கட்டம் அந்தப் பக்கத்துக்கு வேண்டாம். 31 பத்துக்குள் வந்துவிடும்.

ஒவ்வொரு கட்டத்துக்கும் அடியில் மூன்று விஷயம் எழுதுங்கள்: இந்த எண்ணை யார் எழுதுகிறார், எதில் எழுதுகிறார், எத்தனை மணிக்கு. இதற்குப் பதில் இல்லாத கட்டம் வெறும் ஆசை. உங்கள் 14 படங்களில் எத்தனை இதில் தேறும் என்று எனக்கே சந்தேகம்.

அப்புறம், பால் பாயிண்ட் பேனா எடுத்துப் போகாதீர்கள். தடித்த மார்க்கரும் ஏ4 தாளும் போதும். பொடி எழுத்தில் எழுத முடியாது என்பதே ஒரு வடிகட்டி.

சாணி வாசல்

எங்க கதையைச் சொல்றேன். நான் பால் குளிரூட்டும் நிலையத்தில் இருக்கிறேன், பனியன் பற்றித் தெரியாது. நாங்கள் வரைந்த தாளைச் சுவரில் ஒட்டி, ஒரு வாரம் தினமும் காலையில் பென்சிலால் எண்களை நிரப்பினோம். நாலாம் நாள் இரண்டு கட்டங்களை நிரப்பவே ஆள் இல்லை, காலியாகக் கிடந்தது ஏன் என்றும் யாரும் கேட்கவில்லை. அந்த இரண்டையும் எடுத்துவிட்டோம். அதில் ஒன்று நான் ரொம்ப ஆசைப்பட்டுப் போட்டது. ஆமா, பவர் பிஐக்கு மாசம் எவ்வளவு ஆகிறது?

நூல்கண்டு

செவ்வாய்க்கிழமை முடிந்தது. பேரேடு அண்ணா சொன்ன மாதிரியே செய்தேன். நடந்ததை எழுதுகிறேன், கொஞ்சம் நீளம்.

முதலாளி முந்தின நாள் காலையில் மேனேஜரிடம் போனில் கேட்டது இதுதான்: “அந்த 12,000 பீஸ் தேதிக்குப் போயிருமா?” நான் செய்த 14 படங்களில் ஒன்றுகூட இதற்குப் பதில் சொல்லவில்லை. “ஆர்டர்வாரியாக முடிந்த சதவீதம்” என்று ஒன்று இருந்தது, அதில் இந்த ஆர்டர் 50% என்று காட்டியது. தாளில் அதையே வரைந்து, “செக்கிங் முடிந்தது 6,000 / 12,000” என்று எழுதி, “இப்படி இருந்தா என்ன செய்வீங்க?” என்றேன். “பாதி முடிஞ்சுது, இன்னும் ஒன்பது நாள் இருக்கு, ஒண்ணும் செய்ய வேண்டாம்” என்றார்.

அடுத்து, பையரிடம் பேசி ஆர்டரைக் கவனிக்கும் மெர்ச்சண்டைசர் அக்கா. அதே தாளைப் பார்த்துச் சிரித்தார். மார்க்கரை வாங்கி, என் கட்டத்துக்கு மேலே குறுக்காக ஒரு கோடு போட்டார். இந்த பையர் கேட்டிருப்பது ரேஷியோ பேக்கிங். ஒரு பேக்கில் எஸ் ஒன்று, எம் இரண்டு, எல் இரண்டு, எக்ஸ்எல் ஒன்று, ஆக ஆறு பீஸ். செக்கிங்கில் தேறிய 6,000-ஐ அவர் சைஸ்வாரியாக ஒரு ஓரத்தில் எழுதினார். எஸ் 1,100, எம் 2,300, எல் 2,250, எக்ஸ்எல் 350. இரண்டாவது டையிங் லாட் துணி வராததால் எக்ஸ்எல் கட்டிங்கே பாதியில் நிற்கிறது. எக்ஸ்எல் 350 இருந்தால் 350 பேக்தான் போட முடியும். அதாவது 2,100 பீஸ். மீதி 3,900 பீஸ் மேஜைமேல் கிடக்கும், பெட்டிக்குள் போகாது.

கடைசிக் கால் மணி நேரத்தில் மூன்று பேரும் சேர்ந்து அமர்ந்தபோது அந்த ஓரத்துக் கணக்கை முதலாளியிடம் காட்டினேன். அதே ஆர்டர், அதே நாள், 50% என்பது 17.5% ஆகிவிட்டது. அவர் ஒன்றும் பேசவில்லை. அங்கேயே போனை எடுத்து டையிங்குக்குப் பேசினார். “என்ன செய்வீங்க” என்பதற்கு வேறு பதில் எனக்குத் தேவைப்படவில்லை.

இப்போது தாளில் மேலே ஒரே கட்டம்: “தேதிக்குப் போகாத ஆர்டர் எது?” ஒவ்வொரு ஆர்டருக்கும் பெட்டி போடக்கூடிய பீஸ், மீதி, மீதி நாள். கணக்கு ஷீட்டில் இவ்வளவுதான், B முதல் E வரை எஸ், எம், எல், எக்ஸ்எல்:

```
=INT(MIN(B2/1,C2/2,D2/2,E2/1))*6
```

மேனேஜருடைய கட்டம் வேறு. அவர் பிரிவுகளை வரையவே இல்லை. பிரிவுகளுக்கு நடுவில் நிற்கும் பீஸை மட்டும் எழுதினார். தைத்தது 9,000, செக்கிங் ஆனது 6,000, ஆக நடுவில் 3,000 நிற்கிறது. அவர் காலையில் நடந்துபோய்ப் பார்ப்பது அந்தக் குவியலைத்தானாம். நான் தையலுக்கு மட்டும் நான்கு படம் போட்டிருந்தேன்.

மாட்டிக்கொண்டது அடிவரியில். “யார், எதில், எத்தனை மணிக்கு” என்று எழுதப் போனால், செக்கிங் நோட்டில் மொத்த எண்ணிக்கை மட்டும்தான் இருக்கிறது, சைஸ் இல்லை. மெர்ச்சண்டைசர் சொன்ன சைஸ் கணக்கு அன்று காலை அவரே போய் மேஜையில் எண்ணியது. ஆக இந்த டாஷ்போர்டின் முக்கியமான எண் எங்கேயும் எழுதப்படுவதில்லை.

பழைய பேரேடு

தாளில் வரையாமல் போயிருந்தால், இதை மூன்று வாரம் வேலை செய்த பிறகுதான் கண்டுபிடித்திருப்பீர்கள். ஒன்று கவனியுங்கள். உங்கள் ஃபார்முலா இந்த ரேஷியோவுக்கு மட்டும்தான். வேறு பையர் 2:2:1:1 கேட்பார், இன்னொருவர் சைஸ் தனித்தனியாகப் பெட்டி போடச் சொல்வார், அங்கே இந்த MIN கணக்கே பொருந்தாது. ரேஷியோவை ஆர்டர் மாஸ்டரில் ஒரு வரியாக வைத்து அங்கிருந்து எடுங்கள். “பெட்டி போடக்கூடியது” வேறு, “பெட்டி போட்டது” வேறு என்பதையும் தாளிலேயே பிரித்து எழுதிவிடுங்கள், இல்லையென்றால் பேக்கிங் ஆட்களுக்கும் உங்களுக்கும் தினமும் தகராறு.

வண்ணத்திரை

சரி, தாள் விஷயத்தில் நான் சொன்னதை வாபஸ் வாங்குகிறேன். ஆனால் கடைசியில் சேர்ந்து உட்கார்ந்ததால்தானே முதலாளி போனை எடுத்தார்?

நூல்கண்டு

அது உண்மைதான். முதலிலேயே சேர்ந்து உட்கார்ந்திருந்தால் அக்கா கோடு போட்டிருப்பாரா என்பது தெரியவில்லை.

தீராதது ஒன்று இருக்கிறது. ஒவ்வொரு டெய்லரும் எத்தனை பீஸ் தைத்தார் என்று ஒரு கட்டம் வேண்டும் என்கிறார் முதலாளி. அதைப் போட்டால் ஆட்கள் பக்கத்து கம்பெனிக்குப் போய்விடுவார்கள் என்கிறார் மேனேஜர். தாளில் அந்தக் கட்டத்தைப் புள்ளிக்கோடாக விட்டிருக்கிறேன்.

எக்செல் சித்தர்

டெய்லர் கணக்குக்கு என்னிடம் ஒரு டெம்ப்ளேட் இருக்கு, அனுப்பட்டுமா?

பழைய பேரேடு

சித்தரே, அது டெம்ப்ளேட் இல்லாமல் நிற்கவில்லை. அந்த எண் மோசமாக இருந்தால் என்ன செய்வார் என்று முதலாளியிடம் கேட்டீர்களா, தம்பி?

நூல்கண்டு

கேட்டேன். “பார்க்கலாம்” என்றார்.

சாணி வாசல் சொன்னபடி தாளை மேனேஜர் ரூம் சுவரில் ஒட்டியாச்சு. செக்கிங் நோட்டில் நான்கு சைஸ் பத்தி போட்டுக் கொடுத்தேன். செக்கிங் அக்கா நேற்று வரை நிரப்பவில்லை. கை வேலையை நிறுத்திவிட்டு எழுத முடியாது என்கிறார். ஒவ்வொரு பீஸ் கட்டோடும் வரும் பண்டில் சீட்டில் சைஸ் ஏற்கெனவே இருக்கிறது. எழுதச் சொல்லாமல், முடிந்த பண்டிலின் சீட்டைக் கிழித்து நான்கு டப்பாவில் போடச் சொல்லலாமா என்று பார்க்கிறேன். திங்கள் காலை டப்பா வைக்கிறேன்.