பிரவுனிக்கு நெறி கட்டியதிலிருந்து: நாய்களின் புற்றுநோய், உங்கள் அனுபவங்களும் சொல்லுங்கள்

பிரவுனி வீடு, கோவை

போன ஆடி மாதம் குளிப்பாட்டித் துண்டால் துவட்டும்போதுதான் கையில் தட்டுப்பட்டது. தாடைக்குக் கீழே இரண்டு பக்கமும் பெரிய நெல்லிக்காய் அளவில் உருண்டை. அமுக்கிப் பார்த்தேன், பிரவுனி திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. லாப்ரடார், வயது 7, எடை 31 கிலோ. தட்டை நக்கி வைக்கிறாள், பேப்பர் போடுகிற பையனைப் பார்த்துக் குரைக்கிறாள். பல்லில் ஏதோ கோளாறு, அதனால் நெறி கட்டியிருக்கிறது என்று நினைத்து ஒரு வாரம் விட்டுவிட்டேன். அடுத்த வாரம் பின்னங்காலில் முழங்காலுக்குப் பின்புறமும் அதே உருண்டை. பல்லுக்கும் முழங்காலுக்கும் என்ன சம்பந்தம்? அப்போதுதான் பயம் வந்தது.

டாக்டர் முதலில் உண்ணிக் காய்ச்சலுக்கு ரத்தம் எடுத்தார். நம் ஊரில் அதற்கும் உடம்பெல்லாம் நெறி கட்டும் என்பதால் அது சரியான வரிசைதான். அது இல்லை என்று வந்ததும் கட்டியில் ஊசி போட்டு எடுத்தார். மயக்க மருந்து கிடையாது, நாம் ரத்தம் கொடுக்கும் ஊசியைவிட மெல்லிய ஊசி. இரண்டு மூன்று முறை குத்தி, உள்ளே வந்த துளியைக் கண்ணாடிச் சில்லில் தேய்த்தார், அவ்வளவுதான். தாடைக் கட்டிதானே பெரிசு, அதை விட்டுவிட்டு ஏன் முழங்காலில் குத்துகிறீர்கள் என்று கேட்டேன். தாடை நெறி வாயில் இருக்கும் அழுக்குக்கெல்லாம் வீங்கும், அதில் எடுத்தால் குழப்பமான பதில் வரும் என்றார்.

மூன்றாம் நாள் லிம்போமா, அதாவது நெறிகளில் வருகிற புற்றுநோய், என்று வந்தது. இன்னொரு சாம்பிள் வெளியூர் லேபுக்குப் போய் பி செல் வகை என்று தெரிந்தது. டி செல்லைவிட இது மருந்துக்கு நன்றாகக் கேட்கும் என்றார்கள். ஒன்றும் செய்யாவிட்டால் பெரும்பாலும் 4 முதல் 6 வாரம். கீமோ கொடுத்தால் பெரும்பாலான நாய்களுக்குக் கட்டி கரையும், சராசரியாக ஒரு வருடம் கிடைக்கும். ஆனால் அடியோடு குணமாவது அபூர்வம். இதை டாக்டர் முதல் நாளே உடைத்துச் சொல்லிவிட்டார். அதற்கு இன்றும் நன்றி சொல்கிறேன்.

கீமோ மொத்தம் 19 வாரம், 16 தவணை. ஒரு வாரம் வின்கிரிஸ்டின், அடுத்த வாரம் சைக்ளோபாஸ்பமைடு, மறுபடி வின்கிரிஸ்டின், நான்காம் வாரம் டாக்ஸோரூபிசின், அப்புறம் ஒரு வாரம் ஓய்வு. இப்படி நான்கு சுற்று. முதல் மாதம் மட்டும் கூடவே பிரெட்னிசலோன் என்கிற ஸ்டீராய்டு மாத்திரை, வாரா வாரம் குறைத்துக்கொண்டே வந்து நிறுத்தினார்கள். பத்தாம் நாள் தாடையைத் தடவினேன், உருண்டை இல்லை. வீட்டில் பாயசம் வைத்தோம்.

வின்கிரிஸ்டின் ஊசி ஒரு நிமிட வேலை. டாக்ஸோரூபிசின்தான் எங்களைப் படுத்தியது. சிவப்பாக, ரோஸ்மில்க் மாதிரி இருக்கும், டிரிப்ஸில் மெதுவாக ஏற்ற வேண்டும். நரம்பை விட்டு ஒரு சொட்டு வெளியே கசிந்தாலும் அந்த இடத்துச் சதையே வெந்துபோகும். அதனால் அரை மணி நேரம் நான் அவள் தலையைப் பிடித்துக்கொள்வேன், நர்ஸ் அக்கா காலை விட்டுக் கண்ணை எடுக்கமாட்டார். அது ஏறிய மூன்றாம் நாள் பேதி. முதல் தடவை ராத்திரி முழுக்க மாடிப்படியைக் கழுவினோம். அடுத்த தடவையிலிருந்து வாந்தி, பேதி மாத்திரைகளை முன்கூட்டியே கையில் கொடுத்துவிட்டார்கள். ஒவ்வொரு தவணைக்கு முன்னும் ரத்தம் பார்ப்பார்கள். இரண்டு முறை வெள்ளணு குறைந்ததால் ஒரு வாரம் தள்ளிப்போனது. முடி கொட்டவில்லை, மீசை மட்டும் போனது.

என்னை ஏமாற்றியது வேறு விஷயம். 'சாப்பிடுகிறாளா?' என்றுதான் எல்லோரும் கேட்பார்கள், நானும் அதையேதான் பார்த்தேன். பிரெட்னிசலோன் கொடுக்கும்போது நாய் எப்படி இருந்தாலும் பேய்ப் பசி பசிக்கும். இரண்டாம் வாரம் பிரவுனி குப்பைத் தொட்டியைக் கவிழ்த்தாள், நான் சந்தோஷப்பட்டேன். ஆனால் அதே வாரம் பேப்பர் பையனுக்கு ஒரு குரைப்புக்கூட இல்லை. அது எனக்கு உறைக்கவே நாலு நாள் ஆனது.

அப்புறம்தான் அவளாக விரும்பிச் செய்கிற மூன்று விஷயங்களை எழுதி வைத்தேன்: பேப்பர் பையனுக்குக் குரைப்பது, என் செருப்பைத் தூக்கிக்கொண்டு ஓடுவது, சாயங்காலம் கேட்டில் வந்து நிற்பது. தினசரிக் காலண்டரில் மூன்றில் இரண்டு செய்தால் ஒரு டிக், இல்லாவிட்டால் பெருக்கல் குறி. 19 வாரம் என்று தொடங்கி தள்ளிப்போனதோடு 21 வாரமானது. அதில் மொத்தம் 17 பெருக்கல் குறி, பாதிக்கு மேல் டாக்ஸோரூபிசின் வாரங்களில். இந்தக் காலண்டர் கையில் இல்லாவிட்டால் மூன்றாம் சுற்றில் பயந்து நிறுத்தியிருப்பேன்.

மணி அப்பா, திருச்சி

எங்கள் மணிக்கும் கேன்சர்தான். குறியில் காலிஃபிளவர் மாதிரி வந்து ரத்தம் சொட்டியது. வாரம் ஒரு ஊசி, நாலே வாரத்தில் போன இடம் தெரியவில்லை, மூன்று வருடம் ஆகிறது. உங்களுக்கு மட்டும் ஏன் 16 ஊசி? நல்ல டாக்டரிடம் காட்டினீர்களா?

வேப்பேரி பழசு

மணி அப்பா, அது வேறு சாமான். இனச்சேர்க்கையில் ஒரு நாயிடமிருந்து இன்னொரு நாய்க்குத் தொற்றுகிற கட்டி அது, தெரு நாய்களிடம் நிறைய உண்டு. வின்கிரிஸ்டின் மட்டும் வாரம் ஒன்றாக நாலைந்து கொடுத்தால் பெரும்பாலும் போய்விடும். பிரவுனிக்குக் கொடுத்ததிலும் அதே மருந்து இருக்கிறது, நோய்தான் வேறு. 30 வருடம் கால்நடை மருத்துவமனையில் கம்பவுண்டராக இருந்தேன், உங்கள் குழப்பம் வாரம் ஒருவருக்கு வரும்.

பிரவுனி வீட்டம்மா, நீங்கள் ஒன்றைச் சொல்லாமல் விட்டுவிட்டீர்கள். சைக்ளோபாஸ்பமைடு காலையில் கொடுத்து, அன்று நிறையத் தண்ணீர் வைத்து, அடிக்கடி சிறுநீர் கழிக்க வெளியே விட வேண்டும். மருந்து சிறுநீர்ப்பையில் தேங்கினால் உள்சுவர் புண்ணாகி ரத்தமாகப் போகும். அந்த நாட்களில் கழிவை எடுக்கும்போது கையுறை போடுங்கள். கர்ப்பிணிகளைப் பக்கத்தில் விடாதீர்கள்.

சுட்கி பக் வீடு, வேலூர்

எங்கள் பக்குக்கு விலாவில் சுண்டைக்காய் அளவில் ஒரு கட்டி. ஒரு நாள் பெரிசாகும், மறுநாள் சிறிசாகும். காட்டின இடத்தில் தடவிப் பார்த்துக் கொழுப்புக் கட்டி என்றார்கள், ஊசி போட்டுப் பார்க்கவில்லை. பாட்டி விளக்கெண்ணெய் போட்டுத் தேய்த்துவிட்டார். ஒரு மணி நேரத்தில் சுற்றிலும் சிவந்து தடித்தது, இரவு வாந்தி, மறுநாள் மலம் தார் மாதிரி கறுப்பு.

வேறு டாக்டரிடம் ஓடினோம். அலர்ஜி ஊசி போட்ட பிறகுதான் கட்டியில் ஊசியே குத்தினார். மாஸ்ட் செல் கட்டி. உள்ளே ஹிஸ்டமின் நிரம்பிய பை மாதிரியாம், அமுக்கினால் கொட்டிவிடும். மைக்ரோஸ்கோப்பில் எனக்கும் காட்டினார், கத்தரிப்பூ நிறத்தில் பொடி தூவினாற்போல் இருந்தது. சுண்டைக்காய்க் கட்டிக்குச் சுற்றிலும் இரண்டு செ.மீ. சேர்த்து வெட்டியதில் தையல் என் உள்ளங்கை நீளம். வெட்டியது முழுவதும் லேபுக்குப் போய், வீரியம் குறைந்தது, ஓரம் சுத்தம் என்று வந்தது. அதனால் கீமோ வேண்டாம் என்றார். இப்போது தொடையில் இன்னொன்று தெரிகிறது. பரவிவிட்டதா?

வேப்பேரி பழசு

பக் நாய்க்கு அப்படி ஒன்றன்பின் ஒன்றாகப் புதிதாகவே முளைப்பதுண்டு. பரவியதா, புதிதா என்பதைக் கையால் தடவிச் சொல்ல முடியாது. திரும்பவும் ஊசி, பக்கத்து நெறியிலும் ஊசி. தேய்க்காதீர்கள், அமுக்கிப் பார்க்காதீர்கள்.

ஈரோடு வாசகன்

கட்டியில் ஊசி குத்தினால் புற்று பரவும் என்று எங்கள் டாக்டரே சொல்லியிருக்கிறார். வாயில்லாத ஜீவனை ஏன் இவ்வளவு படுத்த வேண்டும்? எங்கள் ரோஸிக்கும் இதே நெறிதான். ஊசியும் போடவில்லை, கீமோவும் இல்லை. மாத்திரை கொடுத்தார்கள், ஐந்து நாளில் கட்டியெல்லாம் கரைந்து துள்ளிக்கொண்டு திரிந்தது. ஆறு வாரம் நிம்மதியாக இருந்தது. அப்புறம் ஒரே வாரத்தில் எல்லாம் திரும்பி வந்து மூச்சுத் திணறல். அப்போது கீமோ கேட்டோம். இப்போது கொடுத்தாலும் அவ்வளவாக எடுபடாது என்றுவிட்டார்கள்.

வேப்பேரி பழசு

தம்பி, உங்கள் டாக்டர் சொன்னது சிறுநீர்ப்பைக் கட்டிக்குப் பொருந்தும். வயிறு வழியாக அதைக் குத்தினால் ஊசி போன வழியிலேயே ஒட்டிக்கொள்ளலாம். நெறிக்கும் தோல் கட்டிக்கும் அந்தப் பயம் வேண்டியதில்லை. ரோஸிக்குக் கொடுத்தது ஸ்டீராய்டு. மாத்திரை மட்டும் போதும் என்று தெரிந்தே எடுத்த முடிவென்றால் அதில் தப்பில்லை, அந்த ஆறு வாரம் நல்ல வாரங்கள்தான். ஆனால் ஊசி போட்டுப் பார்க்கும் முன் ஸ்டீராய்டு கொடுத்தால் என்ன நோய் என்பதே மறைந்துபோகும். தப்பிப் பிழைத்த செல்கள் மற்ற மருந்துகளையும் வெளியே தள்ளப் பழகிக்கொள்ளும். அதனால்தான் பிறகு கீமோ எடுபடாது என்றார்கள்.

ஈரோடு வாசகன்

இதை அன்றைக்கு யாரும் எங்களிடம் சொல்லவில்லை.

கிருஷ்ணகிரி கோலி அம்மா

கோலி, ஷெல்டி மாதிரி இனம் வைத்திருப்பவர்கள் கீமோவுக்கு முன் எம்டிஆர்1 ஜீன் பரிசோதனை கேளுங்கள். அந்த ஜீனில் கோளாறு இருந்தால் சில மருந்துகளை வழக்கமான அளவில் உடம்பு தாங்காது. எங்கள் நாய்க்கு அது இருந்தது, வின்கிரிஸ்டின் அளவைக் குறைத்துத்தான் ஆரம்பித்தார்கள். இன்னொன்று, அளவுகோல் பற்றி. அமெரிக்கக் கால்நடை மருத்துவர் ஆலிஸ் வில்லலோபோஸ் வலி, பசி, நீர்ச்சத்து, சுத்தம், சந்தோஷம், நடமாட்டம், கெட்ட நாளைவிட நல்ல நாள் அதிகமா என்று ஏழு கேள்வி வைத்து, ஒவ்வொன்றுக்கும் பத்து மார்க் போடச் சொல்கிறார். 35க்கு மேல் என்றால் பரவாயில்லை. நானும் என் கணவரும் தனித்தனியாக மார்க் போடுவோம். அவர் 44 போடுவார், நான் 31. அந்தச் சண்டையில்தான் பாதி உண்மை வெளியே வரும்.

மணி அப்பா, திருச்சி

பிரவுனி இப்போது எப்படி இருக்கிறாள்? முதலில் அதைக் கேட்டிருக்க வேண்டும், மன்னிக்கவும்.

பிரவுனி வீடு, கோவை

மன்னிப்பெல்லாம் எதற்கு. கடைசித் தவணை மார்கழியில் முடிந்தது. நாலு மாதம் ஒன்றும் இல்லை. போன ஞாயிறு முழங்காலுக்குப் பின்னால் பட்டாணி அளவில் ஒன்று தட்டுப்பட்டது. நேற்று ஊசி எடுத்தார்கள், அதேதான்.

திரும்ப முதலிலிருந்து கொடுக்கலாம், ஆனால் இந்தத் தடவை கிடைக்கும் அவகாசம் முதல் தடவையைவிடக் குறைவாக இருக்கும் என்கிறார்கள். டாக்ஸோரூபிசின் இதயத்துக்குச் செய்யும் பாதிப்பு சேர்ந்துகொண்டே போகும், இவளுக்கு 4 தடவை ஆகிவிட்டது, எங்கள் டாக்டர் 6க்கு மேல் தரமாட்டார். என் வீட்டுக்காரர் கொடுக்கலாம் என்கிறார், மகள் வேண்டாம் என்கிறாள். நான் இன்னும் முடிவு செய்யவில்லை. திங்கட்கிழமை எக்கோ எடுக்கிறார்கள்.

இன்று காலை பேப்பர் பையனுக்குக் குரைத்தாள். செருப்பில் ஒன்று இன்னும் கிடைக்கவில்லை.