கலைச்சொல் விவாதம்: கூட்டுப்படத்தின் இறுதி ஒருமிப்பு

வடபழனி படத்தொகுப்பாளர்:
வணக்கம். பல படங்களின் துண்டுகளைச் சேர்த்து ஒன்றாக்கும் கூட்டுப்படம் முடிந்ததும் எல்லா அடுக்குகளுக்கும் மேலே ஒரே ஒரு வளைவுச் சரிசெய்தலையும், அதற்கு மேல் ஒரே ஒளிநிறம் நிரப்பிய அடுக்கையும் வைக்கிறோம். துண்டுகள் ஒரே இடத்தில் எடுத்த படம்போல ஆகின்றன. இந்த வேலைக்கு ‘ஒளியொருமிப்பு’ பொருந்துமா?

அம்பத்தூர் அச்சகத்தார்:
‘நிறப்பூச்சு’ போதும் ஐயா. மேலே ஆரஞ்சு போட்டாலே எல்லாம் ஒட்டிக்கொள்ளும். வளைவு வெளிச்சத்தைக் கூட்டிக் குறைக்க மட்டும்தானே?

மயிலாப்பூர் மூத்த தொகுப்பாளர்:
ஒட்டாது. திருமண வரவேற்புப் பதாகை ஒன்றைச் சொல்கிறேன். மணமக்கள் ஸ்டுடியோ ஃபிளாஷில் நிற்கிறார்கள். பின்னணி மெரினா விடியல். கறுப்பு 0, வெள்ளை 255 என்ற அளவில் மாப்பிள்ளையின் கோட்டில் மிக இருண்ட இடம் 6. கடற்கரைப் படத்திலோ மூட்டத்தால் 30க்குக் கீழே எதுவுமே இல்லை. எவ்வளவு ஆரஞ்சு பூசினாலும் அந்தக் கோட் வானத்தில் ஓட்டை விழுந்ததுபோலத்தான் தெரியும்.

பொது வளைவும் தனியாக இதைத் தீர்க்காது. அதன் அடிமுனையை, அதாவது கறுப்பு நிற்கும் முனையை, 20க்கு உயர்த்திப் பாருங்கள்: 6 ஏறத்தாழ 26 ஆகும், 30 ஏறத்தாழ 48 ஆகும். 24 ஆக இருந்த இடைவெளி 22 ஆகிறது, அவ்வளவுதான். ஆகவே முதலில் மணமக்கள் அடுக்கோடு மட்டும் பிணைத்த வளைவால் 6ஐ 30க்குக் கொண்டுவர வேண்டும். அதன்பிறகே பொது வளைவு. அதில் நீல வண்ணத்தின் அடிமுனையை மட்டும் 10 அளவு தூக்கினால் இருவர் நிழலும் கடலின் நிழலும் ஒரே நீலம் ஏற்கின்றன.

ஒளிநிறத்தைச் சூரியனிலிருந்து எடுக்காதீர்கள். அது வெளுத்து எரிந்திருக்கும். மேகத்தின் ஒளிரும் விளிம்பிலிருந்து எடுத்து, சாஃப்ட் லைட் கலப்பு முறையில் 12 சதவீத அடர்த்தி போதும். பிறகு மணமகளின் மல்லிகையையும் அலை நுரையையும் ஒப்பிடுங்கள். நுரை செம்மை ஏறியும் மல்லிகை நீலமாகவே இருந்தால், மணமக்கள் படத்தின் வெண்சமநிலை சரியாகவில்லை. அங்கேதான் திரும்ப வேண்டும், மேலே இன்னும் பூசக் கூடாது.

அந்த அடிமுனைக்கு ‘அடிக்கருமை’ என்று வைக்கலாம்.

பெரம்பூர் உறுப்பினர்:
எங்கள் தாத்தா, பாட்டி இருவரின் பழைய படங்களை ஒன்றாக்க வேண்டும். ஒன்று மஞ்சள், ஒன்று சாம்பல். இதே முறைதானா?

மயிலாப்பூர் மூத்த தொகுப்பாளர்:
முதலில் இரண்டையும் கறுப்புவெள்ளை ஆக்கிவிடுங்கள் அம்மா. அடிக்கருமையைப் பொருத்தியபின் பழுப்பு நிறம் ஒன்றை இரண்டிற்கும் பொதுவாகப் பூசலாம்.

அடையாறு மொழிபெயர்ப்பாளர்:
‘ஒளியொருமிப்பு’ அதிகமாகச் சொல்கிறது. மெரினா விடியலில் சூரியன் மணமக்களுக்குப் பின்னே, ஃபிளாஷ் முன்னே. எந்த வளைவும் ஒளியின் திசையைத் திருப்பாது. ‘சாயல் ஒருமிப்பு’ என்போமா?

வடபழனி படத்தொகுப்பாளர்:
திசையைப் பற்றிச் சொன்னது சரி. ஆனால் எங்கள் கடையில் சாயல் என்றால் முகச்சாயல்தான். பயிற்சிக்கு வரும் பிள்ளைகள் குழம்புவார்கள். ‘அடிக்கருமை’யைக் கையேட்டில் சேர்த்துவிட்டேன். மற்றதற்கு, வெயில் நேரத்துக் கூட்டுப்படத்திலும் பொருந்தும் பெயராக இருந்தால் எழுதுங்கள்.