இரண்டு மணிநேரப் பேச்சுப் பதிவுகளை எப்படிச் சேமிக்கிறீர்கள்?

மும்பை மாட்டுங்காவில் மாதாமாதம் நடக்கும் எங்கள் வாசகர் கூட்டத்தை ரெக்கார்டரில் வேவ் கோப்பாகப் பதிவு செய்கிறோம், 44.1 கிலோஹெர்ட்ஸ் ஸ்டீரியோ, 16 பிட், இரண்டு மணிநேரத்துக்கு 1.2 ஜிபிக்கு மேல் வருவதால் கூகுள் டிரைவின் இலவச 15 ஜிபி ஒரே வருடத்தில் நிரம்பிவிடும். பேச்சுக்கு மோனோ போதுமே என்று இப்படி மாற்றிப் பார்த்தேன்:

```
ffmpeg -i kootam.wav -ac 1 -c:a libopus -b:a 24k kootam.opus
```

சுமார் 22 எம்பிதான்! குரல் தெளிவாகவே இருக்கிறது, பின்வரிசைக் கேள்விகள் மட்டும் மங்கல், அது மைக் தூரத்தில் இருப்பதால்.

சரி, சிக்கல் தேடுவதில்தான். ஆடியோவுக்குள் பேசியதை டிரைவ் தேடித் தராது, அதனால் நேரக்குறிப்போடு எழுத்து வடிவத்தையும் அதே பெயரில் பக்கத்தில் வைக்கப் பார்க்கிறேன். ஆனால் எழுத்தாக்கும் மென்பொருள், தமிழும் ஆங்கிலமும் கலந்த இடங்களில் உளறுகிறது, கைதட்டல் வந்தால் ஒரே வரியைத் திரும்பத் திரும்ப எழுதுகிறது. பத்து நிமிடத் துண்டுகளாக வெட்டிக் கொடுத்தால் சரியாகுமா? அப்புறம், அசல் வேவை அழித்துவிடலாமா, இல்லை ஹார்ட் டிஸ்கில் ஒரு பிரதி வைத்துக்கொள்கிறீர்களா? செய்து பார்த்தவர்கள் சொல்லுங்களேன்.